புதன்கிழமை மதியத்தின் விலை

புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மாடியில் இருக்கும் பெண்கள் பியூட்டி பார்லரில் மூன்று நாற்காலிகளும் காலி. ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்கள். வேலை செய்யும் மூன்று பெண்களும் துவைத்த துண்டுகளை மடித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதே பார்லருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போனால் சோபாவில் உட்கார இடம் இருக்காது. போனில் கேட்பவர்களுக்கு, "இன்னைக்கு முடியாதும்மா, நாளைக்குக் காலையில வாங்களேன்" என்று பதில் போய்க்கொண்டிருக்கும்.

காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எந்த உரிமையாளருக்கும் கஷ்டம். கை தானாகவே போனை எடுக்கும். "இன்று மட்டும்! எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் தள்ளுபடி" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஏறும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வருவார்கள். அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும். அடுத்த புதனும் அதையே செய்வார். மூன்றாவது மாதம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து கேட்பார்: "அக்கா, இந்த வாரம் ஆஃபர் எப்பப் போடுவீங்க?"

கேட்பவர் மேல் தப்பில்லை. இந்தக் கடையில் எழுதியிருக்கிற விலை உண்மையான விலை இல்லை, கொஞ்சம் பொறுத்தால் குறையும் என்று கடைதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வார நாளின் காலி நேரத்தை நிரப்ப விலையைக் குறைப்பது சரியான வழிதான். ஆனால் வாடிக்கையாளரைக் காத்திருக்கப் பழக்காமல் குறைக்க வேண்டும். அது எப்படி என்பதை இந்த மூன்று நாற்காலிப் பார்லரை வைத்தே பார்க்கலாம்.

சேலை காத்திருக்கும், நேரம் காத்திருக்காது

தள்ளுபடிக்குக் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஆடி மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை. ஜவுளிக்கடையில் கூட்டம் குறையும். அந்த மந்தத்தைச் சமாளிக்க வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. இன்றைக்கு ஆனி மாதக் கடைசியில் சேலை எடுக்கப் போகிறேன் என்றால், "இன்னும் பத்து நாள் பொறுத்தா ஆடி வந்துடுமே" என்று வீட்டில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒரு மாதத்தின் மந்தத்தைத் தீர்க்க வந்த வழி, முந்தைய மாதத்து வியாபாரத்திலும் கை வைக்கிறது.

ஆனாலும் ஜவுளிக்கடைக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனியில் விற்காத சேலை ஆடியிலும் அலமாரியில் இருக்கும். பழைய சரக்கு போனால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்கு வைக்க இடமும் பணமும் கிடைக்கும். பார்லரின் சரக்கு வேறு. அது நேரம். புதன் மதியம் இரண்டு மணி என்பது மூன்று மணி ஆனதும் இல்லாமல் போய்விடும். அதை அலமாரியில் எடுத்து வைக்க முடியாது. வாடகையும் சம்பளமும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் போகின்றன. அதனால் அந்த நேரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் கைக்கு ஏதாவது வரும். தள்ளுபடி தரும் ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த ஆசையில் தப்பில்லை. செய்யும் விதத்தில்தான் தப்பு நேர்கிறது.

எஸ்.டி.டி. பூத் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு நல்ல விதமும் தெரியும். பகலில் முழுக் கட்டணம். இரவில் பாதி. இன்னும் நேரம் போனால் கால் பங்கு. கால் கட்டணம் தொடங்கும் நேரத்துக்காகப் பூத் வாசலில் வரிசை நிற்கும். ஆனால் "தொலைபேசித் துறை எப்போது ஆஃபர் போடும்" என்று யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் அது ஆஃபர் இல்லை. அந்த நேரத்துக்கு அதுதான் விலை. நேற்றும் அதே, நாளையும் அதே. அவசரம் இருந்தவர் பகலில் முழுக் காசு கொடுத்துப் பேசினார். அவசரமில்லாதவர் தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இரவில் பேசினார்.

திடீரென்று வரும் தள்ளுபடிக்கும் நேரத்துக்கு நேரம் மாறும் விலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முதலாவது எப்போது வரும் என்று தெரியாது. அதனால் காத்திருந்து பார்க்கத் தோன்றும். இரண்டாவது எப்போதும் அதே இடத்தில் இருக்கும், காத்திருக்க ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்து, தனக்கு எது வசதி என்று முடிவு செய்துவிடலாம்.

கூட்டம் கூடியது, மிச்சம் குறைந்தது

இனி கணக்கைப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 11 முதல் மாலை 4 வரை மந்த நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம், மூன்று நாற்காலி, மூன்று நாள் என்றால் வாரத்துக்கு 45 நாற்காலி மணி நேரம். அதில் இப்போது 12 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு ஃபேஷியலும் த்ரெட்டிங்கும் சேர்ந்து ஒரு மணி நேரம். பில் 600 ரூபாய். கிரீம், பேக், துண்டு, கரண்ட் எல்லாம் சேர்த்து 120 ரூபாய் செலவு. வேலை செய்யும் பெண்ணுக்குப் பில்லில் பத்து சதவீதம் இன்சென்டிவ், 60 ரூபாய். மிச்சம் 420.

இந்த நேரத்துக்கு 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பில் 450 ஆகும். கிரீம் செலவு குறையாது, அதே 120. இன்சென்டிவ் 45. மிச்சம் 285. அதாவது விலை கால் பங்கு குறைந்தால் மிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தள்ளுபடி பலகை எழுதும்போது பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

தள்ளுபடி வைத்ததும் 12 பேர் வந்த இடத்தில் 22 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அந்தக் கூடுதல் பத்துப் பேர் யார் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். ஆறு பேர் புதியவர்கள். நான்கு பேர் வழக்கமாகச் சனிக்கிழமை முழு விலை கொடுத்து வந்தவர்கள். குறைந்த விலை என்றதும் புதன்கிழமைக்கு மாறிக்கொண்டார்கள்.

புதிய ஆறு பேரால் வருவது 1,710 ரூபாய். ஏற்கெனவே அதே நேரத்தில் முழு விலைக்கு வந்துகொண்டிருந்த 12 பேருக்கும் இப்போது தள்ளுபடி போகிறது. ஆளுக்கு 135 வீதம் 1,620 ரூபாய் குறைகிறது. சனிக்கிழமையிலிருந்து மாறிய நான்கு பேராலும் 135 வீதம் 540 ரூபாய் குறைகிறது. கூட்டிக் கழித்தால் வாரத்துக்கு 450 ரூபாய் நஷ்டம். மொத்தப் பில் தொகையோ வாரத்துக்கு 300 ரூபாய் கூடியிருக்கும். கல்லாவை மட்டும் பார்ப்பவருக்கு வியாபாரம் வளர்ந்ததாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. சனிக்கிழமை இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்திருந்தால், அந்த நான்கு பேர் விட்டுச்சென்ற இடங்களில் அவர்கள் முழு விலைக்கு உட்காருவார்கள். நான்கு பேருக்கு 1,680 ரூபாய் வரும். அப்போது 450 நஷ்டம் 1,230 லாபமாக மாறும். அதே தள்ளுபடி, அதே 22 பேர்; சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்ததா இல்லையா என்பது ஒன்றுதான் மாறியது. தொலைபேசித் துறைக்கு இரவுக் கட்டணம் பலன் தந்ததும் இப்படித்தான். பகலில் லைன் கிடைக்காமல் இருந்தது. கொஞ்சம் பேர் இரவுக்கு நகர்ந்தால் பகலில் மற்றவர்களுக்கு லைன் கிடைத்தது. உங்கள் சனிக்கிழமையும் பாதி காலியாகத்தான் இருக்கிறது என்றால், வார நாள் தள்ளுபடி உங்கள் வாடிக்கையாளரையே உங்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்குகிறது.

மிஞ்சிக் கிடப்பதைக் கொடுங்கள்

இந்தக் கடையில் புதன்கிழமை மிஞ்சிக் கிடப்பது எது? பணம் இல்லை. வேலைக்காரப் பெண்களின் நேரம். அப்படியென்றால் பணத்தைக் குறைப்பதை விட நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் பொருத்தம்.

செவ்வாய் முதல் வியாழன் வரை 11 மணியிலிருந்து 4 மணிக்குள் ஃபேஷியலுக்கு வருபவர்களுக்கு இருபது நிமிட ஆயில் மசாஜ் சேர்த்துத் தருவதாக வைப்போம். ரேட் கார்டில் அதன் விலை 250 ரூபாய். வாடிக்கையாளருக்கு அது 250 ரூபாய்ப் பொருளாகத் தெரியும். கடைக்கு எண்ணெய்ச் செலவு 25 ரூபாய். கூடுதலாக வேலை செய்யும் பெண்ணுக்கு 20 ரூபாய் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் அலுப்போடு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார், அதில் நியாயமும் உண்டு. ஆக ஒருவருக்கு 45 ரூபாய்ச் செலவு.

விலை குறையாததால் புதியவர்கள் குறைவாகவே வருவார்கள். ஆறுக்குப் பதில் நான்கு என்றே வைப்போம். அவர்களால் ஆளுக்கு 375 வீதம் 1,500 ரூபாய். பழைய 12 பேருக்கும் சனிக்கிழமையிலிருந்து மாறிய நான்கு பேருக்கும் சேர்த்து 45 வீதம் 720 ரூபாய் போகும். மீதி வாரத்துக்கு 780 ரூபாய் லாபம். புதியவர் குறைந்தும் கையில் நிற்பது கூடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், ஃபேஷியலின் விலை எங்கேயும் மாறவில்லை. 600 ரூபாய்ப் பொருளை 450க்கு வாங்கியவர் அடுத்த முறை 600 கொடுக்கும்போது 150 ரூபாய் பறிபோனதாக நினைப்பார். மசாஜ் சேர்த்து வாங்கியவர் சனிக்கிழமை மசாஜ் இல்லாமல் 600 கொடுக்கும்போது அப்படி நினைக்க மாட்டார்.

இதற்கும் எல்லை உண்டு. நாற்காலி நிரம்பத் தொடங்கிவிட்டால் அந்த இருபது நிமிடம் சும்மா கிடந்த நேரமாக இருக்காது. அடுத்தவரைக் காக்கவைக்கும் நேரமாகிவிடும். அன்றைக்கு அந்தச் சலுகை தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

வேலியும் வாசலும்

விலையையே குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், யாருக்குக் குறைகிறது என்பதற்கு ஒரு வேலி வேண்டும். விமானக் கம்பெனிகள் இதைப் பழங்காலத்திலேயே செய்தன. மலிவு டிக்கெட் வேண்டுமென்றால் பல நாள் முன்பே வாங்க வேண்டும். போன ஊரில் சனிக்கிழமை இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை வைத்தன. சொந்தக் காசில் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது சிரமமில்லை. கம்பெனிச் செலவில், அவசர வேலையாகப் போகிறவர் வார இறுதியில் வீட்டுக்குத் திரும்பத்தான் விரும்புவார்; அவர் முழு விலை கொடுத்தார். ஏமாற்று எதுவும் இல்லை. நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குள் பொருந்துகிறவர் தானாகப் பொருந்திக்கொண்டார்.

பார்லருக்கு நேரமே முதல் வேலி. புதன் பகல் 12 மணிக்கு வரச் சொன்னால் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர் எவ்வளவு குறைத்தாலும் வர முடியாது. அவர் சனிக்கிழமை முழு விலைக்கே வருவார். ஆனால் வியாழன் மாலை ஆறு மணி வரை தள்ளுபடி என்று இழுத்துவிட்டால் அவரும் வேலை முடிந்து வந்துவிடுவார், வேலி சாய்ந்துவிடும். அடுத்த வேலி, அடையாள அட்டை காட்டும் கல்லூரி மாணவிகளுக்கு மட்டும் என்பது. அவர்கள் முழு விலைக்கு வந்திருக்கவே மாட்டார்கள். அதனால் அங்கே இழப்பதற்கு அதிகம் இல்லை. மூன்றாவது வேலி, சனிக்கிழமை ரேட் கார்டில் இல்லாத ஒரு தொகுப்பு. ஹேர் ஸ்பாவும் பெடிக்யூரும் சேர்த்து ஒரே விலை, செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை இல்லாததால் முழு விலை கலையாது.

இன்னொரு எளிய வழியும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் விலையை ஏற்றத்தான் போகிறீர்கள். அந்த முறை வெள்ளி, சனி, ஞாயிறுக்கு மட்டும் ஏற்றுங்கள். வார நாளின் பகலுக்குப் பழைய விலையே இருக்கட்டும். தள்ளுபடி என்ற சொல்லே தேவைப்படாது. ரேட் கார்டில் இரண்டு பத்தி. வருடம் முழுவதும் அதே.

எந்த வழியில் போனாலும் விளம்பரத்தின் தொனி ஒன்றுதான்: "இன்று மட்டும்" கூடாது, "கடைசி நாள்" கூடாது, சதவீதமும் கூடாது. "செவ்வாய், புதன், வியாழன், காலை 11 முதல் மதியம் 4 வரை" என்று நேரத்தை மட்டும் சொல்ல வேண்டும். எழுதிய பிறகு, காலி நாற்காலியைப் பார்த்து மனம் பதைத்தாலும் அந்த வாரம் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது.

விலை காரணமில்லாத காலி

விலை வைப்பதற்கு முன், அந்த நேரம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது முக்கியம். எத்தனையோ வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் முடி வெட்ட மாட்டார்கள். அந்த நம்பிக்கை உள்ளவரிடம் செவ்வாய்க்கிழமை ஹேர் கட் பாதி விலை என்று சொல்லிப் பயனில்லை. அதே நாளில் அவர் ஃபேஷியலுக்கு வரக்கூடும். சலுகையை அதில் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். அவர்களுக்கு 11 மணி சரியாக இருக்கும், 2 மணி இருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் நாளில் ஏசி ஓடாது. அன்றைக்கு வரவழைத்தால் கெட்ட பெயர்தான் மிஞ்சும். விலையால் காலியான நேரத்தை மட்டும்தான் விலையால் நிரப்ப முடியும்.

ஒரு நோட்டு போதும்

சலுகை தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த மணியில் எத்தனை நாற்காலியில் ஆள் இருந்தார்கள், சனி ஞாயிறில் எத்தனை பேரை இடமில்லை என்று திருப்பி அனுப்பினோம், இந்த இரண்டும் போதும். தொடங்கிய பிறகு சலுகையில் வரும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஓர் எழுத்து: புதியவருக்கு "பு", எப்போதும் இந்த நேரத்தில் வருபவருக்கு "வ", சனிக்கிழமையிலிருந்து மாறியவருக்கு "மா". எட்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால், மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு நீங்களே போட்டுவிடலாம்.

காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டதா என்பதையும் அதே நோட்டு காட்டும். மாதம் ஒருமுறை ஃபேஷியலுக்கு வந்தவர் நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை வரத் தொடங்குவார். முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் போடுவது குறையும். போனில் முதல் கேள்வி "இடம் இருக்கா?" என்பதிலிருந்து "ஆஃபர் இருக்கா?" என்று மாறும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் கடை தன் விலையை இழந்துகொண்டிருக்கிறது.

இழந்ததை ஒரே நாளில் மீட்கவும் முடியாது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடர், வருடக்கணக்காகக் கூப்பனும் தள்ளுபடியுமாக விற்றுவந்தது. 2012இல் புதிய தலைமை நிர்வாகி ரான் ஜான்சன் அவற்றை எடுத்துவிட்டு, தினமும் ஒரே நியாயமான விலை என்று அறிவித்தார். அந்த ஒரே வருடத்தில் விற்பனை ஏறக்குறைய கால் பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவி போனது. கூப்பன்கள் திரும்பி வந்தன. தள்ளுபடியில் வாங்கிப் பழகியவருக்கு, நியாயமான விலை நியாயமாகத் தெரியவில்லை.

அதனால் ஸ்டேட்டஸ் ஆஃபரில் ஏற்கெனவே விழுந்துவிட்ட கடைக்காரர் படிப்படியாக வெளியே வர வேண்டும். முதலில் திடீர் ஆஃபரை நிறுத்திவிட்டு, அதே சலுகையை நிலையான வார நாள் நேரத்துக்கு மாற்ற வேண்டும். வாடிக்கையாளருக்கு எதையும் பிடுங்கியதாகத் தோன்றாது. எப்போது வரும் என்ற தேடல் மட்டும் நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சதவீதத்துக்குப் பதிலாக மசாஜையோ வார நாள் தொகுப்பையோ வைக்கலாம். போனில் கேட்பவருக்கு அப்போது ஒரே பதில்தான் இருக்கும்: "தனியா ஆஃபர் எதுவும் இல்லம்மா. செவ்வாய், புதன், வியாழன் பகல்ல வந்தா எப்பவும் இந்த ரேட்தான்."

அந்தப் பதிலை எந்த வாரமும் மாற்றாமல் சொல்லுங்கள். புதன்கிழமை மதியத்துக்கு ஒரு விலை வைப்பதும், அதைச் சனிக்கிழமையின் விலையைத் தொடாமல் காப்பதும் ஒரே வேலைதான். நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி முதல் வாரத்தை எழுதத் தொடங்குங்கள். விலையைப் பற்றிய முடிவை ஐந்தாவது வாரம் எடுக்கலாம்.